இலை ஓரத்தில் உப்பை எதற்கு வைக்கிறீர்கள்?



போன வாரம் ஒரு காதுகுத்து விருந்தில் நான் ரசத்தைக் கொஞ்சமாக வாங்கியதைப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி மகன், "என்ன அத்தை, பத்தியமா?" என்று கேட்டான். பந்தியே சிரித்தது. சிரித்தவர்களில் நான்கு பேர் என்னைப் போலவே காலையில் பி.பி. மாத்திரை போட்டுக்கொண்டு வந்தவர்கள். அவர்களின் மாத்திரை பெயர்கூட எனக்குத் தெரியும். அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். பதிவு நீளம்தான். நெல்லிவாசல்நாட்டில் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவர்களுக்கு என் பாடம் எப்போது முடிந்தது என்று தெரியும், மணி அடித்த பிறகும் முடியாது.

நேராகச் சொல்லிவிடுகிறேன். இரத்த அழுத்தம் உள்ளவர்களிடம் "உப்பைக் குறைங்க" என்று சொல்லி அனுப்புவது அரைகுறை வைத்தியம். வீட்டில் குறைக்கலாம், அங்கே அஞ்சறைப் பெட்டி நம் கையில் இருக்கிறது. ஆனால் ஹோட்டலிலும் கேன்டீனிலும் கல்யாணப் பந்தியிலும் உப்பைப் போடுவது நாம் அல்ல. அங்கே அளவைத் தீர்மானிக்கிறவர்களை யாரும் ஒரு கேள்வியும் கேட்பதில்லை, நோயாளியை மட்டும் குற்றவாளி மாதிரி விசாரிக்கிறார்கள். 2020-ல் தமிழக அரசு எடுத்த கணக்கெடுப்பில் பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இரத்த அழுத்தம் இருந்தது. அப்படியென்றால் 300 பேர் சாப்பிடும் பந்தியில் 100 பேர். அந்த 100 பேரும் விதிவிலக்காம், மீதிப் பேருக்காகத்தான் அண்டா கொதிக்குமாம்.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையை உடைக்க வேண்டும். என் கணவர் வழியில் ஒரு மைத்துனர் இருக்கிறார். பெயர் சொல்லவில்லை, படித்தால் அவருக்கே தெரியும். ஆறு வருஷமாக ஊறுகாயையும் அப்பளத்தையும் தொடுவதில்லை. பந்தியில் ஊறுகாய் வாளி வந்தாலே இரண்டு கையாலும் இலையை மூடிக்கொள்வார். அதே மனிதர் சாம்பார் சாதம் இரண்டு முறை சாப்பிட்டுவிட்டு, ரசத்தை உள்ளங்கையைக் குழித்து மூன்று முறை வாங்கிக் குடிப்பார். பிறகு ஒரு டம்ளர் மோர். புதூர்நாட்டில் செவிலியர் பட்டையைக் கட்டிப் பார்த்தால் 160-க்குக் கீழே வருவதில்லை. "உப்பையே விட்டுட்டேனே" என்று அவரும் மனம் நொந்துபோவார். அவர் பொய் சொல்லவில்லை. எதை விட வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

ஒரு இலையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம், சிலேட்டு வேண்டாம். நம் நாக்குக்கு "உப்பு சரியா இருக்கு" என்று படுகிற சாம்பார், ரசத்தில் லிட்டருக்கு ஏறக்குறைய 8 முதல் 10 கிராம் உப்பு இருக்கும். பந்திக் கரண்டி ஒன்று சுமார் 100 மில்லி பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாம்பார் இரண்டு கரண்டி என்றால் ஏறக்குறைய 1.8 கிராம். வத்தக்குழம்பு ஒரு சின்ன கரண்டி 1 கிராம். ரசம் சாதத்துக்கும் கையில் குடிப்பதற்குமாக 1.3 கிராம். மோர் அரை கிராம். ஊற்றிச் சாப்பிட்டதிலேயே நாலரை கிராம் தாண்டிவிட்டது. பொரியல், கூட்டு, வறுவல் எல்லாம் சேர்த்து ஒரு கிராம். புலாவோ புளியோதரையோ இரண்டு கை வைத்தால் இன்னொரு கிராம். வடையும் அப்பளமும் ஆளுக்கு அரை கிராம். ஊறுகாய் தொட்டுக்கொள்வதில் முக்கால் முதல் ஒரு கிராம். கூட்டினால் எட்டரை கிராம் பக்கம் வருகிறது.

உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்கிற அளவு 5 கிராமுக்குள். அது தலை தட்டிய ஒரு தேக்கரண்டி. நாம் ஒரு வேளை இலையிலேயே ஒன்றரை நாளைத் தாண்டி எழுந்திருக்கிறோம்.

இந்த எண்கள் தராசில் நிறுத்தவை அல்ல. சமையலுக்குச் சமையல் கொஞ்சம் மேலே கீழே போகும். ஆனால் எது பெரியது, எது சின்னது என்கிற வரிசை மாறாது. ஊறுகாயையும் அப்பளத்தையும் தியாகம் செய்த என் மைத்துனருக்கு மிச்சமானது ஒன்றரை கிராம். நாலரை கிராம் குழம்பு வழியாக உள்ளே போய்விட்டது. ஊறுகாய் வாயில் கரிக்கிறது, அதனால் திருடனாகத் தெரிகிறது. சாம்பாரில் புளியும் பருப்பும் காரமும் சேர்ந்து உப்பை மறைத்துவிடுகின்றன. அளவும் பெரியது, அதனால் அங்கே நடக்கிற திருட்டு கண்ணில் படுவதில்லை.

குழம்பில் ஏன் அவ்வளவு? காரணம் சோறு. நம் பக்கத்தில் வெறுஞ்சோற்றில் உப்பு போட்டு வடிப்பதில்லை. அந்தச் சோற்றுக்கும் சேர்த்துத்தான் சாம்பார் சுவை தர வேண்டியிருக்கிறது. அதனால் சமையல்காரர் கொஞ்சம் தூக்கலாகவே போடுகிறார். அது அவருடைய தொழில் அறிவு, அதில் தவறில்லை. பிறகு அந்த அண்டா மூன்று மணி நேரம் அடுப்பில் கிடந்து சுண்டுகிறது. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆகாது. காலையில் சரியாக இருந்த சாம்பார் மூன்றாவது பந்திக்குக் கரிக்கும். ஹோட்டலில் மத்தியானச் சாம்பாரே ராத்திரி டிபனுக்கும் வந்தால் அதே கதைதான்.

இங்கே இரண்டு சமையல்கட்டு மந்திரங்களையும் சொல்லிவிடுகிறேன். உப்பு கூடினால் உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டால் "இழுத்துக்கும்" என்பார்கள். கிழங்கு குழம்பை உறிஞ்சும், அதில் இருக்கிற உப்பும் கூடவே போகும். மிச்சக் குழம்பின் கரிப்பு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும், நீங்கள் கிழங்கையும் சாப்பிடுவீர்கள். இன்னொன்று, இலையில் ரசத்தோடு தண்ணீர் ஊற்றிக்கொள்வது. தண்ணீர் ஊற்றினால் கரிப்பு குறையும், உப்பு குறையாது. முழுவதையும் குடித்தால் முழு உப்பும் உள்ளே போகும். என் வகுப்பில் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் காட்டிய பாடம்தான் இது. நீங்கள் எல்லாரும் பாஸ்.

மூன்றாவதாக ஒன்று இப்போது நாகரிகமாகிவிட்டது. "நாங்க இந்துப்புதான் போடுறோம், பி.பி.க்கு நல்லது" என்று போர்டே வைக்கிறார்கள். இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். நிறம் மாறினால் குணம் மாறாது. மேலும் அதில் அயோடின் சேர்ப்பதில்லை. கடல் எட்டாத நம் மலைப்பக்கத்தில் அயோடின் உப்பை விட்டுவிட்டு இதற்கு மாறுவது இன்னொரு வம்பு. கடையில் விற்கும் "சோடியம் குறைந்த உப்பு" வேறு விஷயம். அதில் ஒரு பகுதி பொட்டாசியம் குளோரைடு இருக்கும். சீனக் கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரிடம் செய்து 2021-ல் வெளியான பெரிய ஆய்வில், அந்த உப்புக்கு மாறியவர்களுக்குப் பக்கவாதம் குறைந்தது. நல்லதுதான். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், டெல்மிசார்டன், எனாலாப்ரில், ஸ்பைரனோலாக்டோன் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும் உடம்பில் பொட்டாசியம் ஏறினால் இதயத்துக்கே ஆபத்து. ஆகவே மருத்துவரைக் கேட்காமல் வீட்டில்கூட அதைத் தொடாதீர்கள். யார் யார் வருவார்கள் என்று தெரியாத கல்யாண அண்டாவில் அதைப் போடவே கூடாது.

இப்போது தலைப்புக்கு வருகிறேன்.

இலை போட்டதும் முதலில் என்ன வைக்கிறோம்? இடது ஓரத்தில் ஒரு சிட்டிகை உப்பு. சாம்பார் வருவதற்கு முன், பொரியல் வருவதற்கு முன் அது வந்துவிடுகிறது. எதற்கு? வேண்டுகிறவர் தனக்குத் தேவையான அளவு போட்டுக்கொள்வதற்கு. வேறு எந்தக் காரணமும் எனக்குத் தோன்றவில்லை. ஒவ்வொருவர் நாக்கும் ஒவ்வொரு மாதிரி, அதனால் கடைசி அளவை அவரவர் கையில் கொடுங்கள் என்று நம் பந்தி முறையே இடம் வைத்திருக்கிறது. அப்படி வைத்துவிட்டு, அண்டாவிலும் முழு உப்பைக் கொட்டுவது என்ன நியாயம்? குறைவாக இருந்தால் இலையில் சேர்க்கலாம். கூடிப்போனதை இலையில் யாராலும் எடுக்க முடியாது. அண்டாவில் குறை, இலையில் விடு. இவ்வளவுதான் நான் கேட்பது.

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று உடனே பழமொழி வரும். உப்பில்லாமல் யார் கேட்டார்கள்? முக்கால் பங்கு கேட்கிறேன். ஊடலுக்கு உவமை தேடிய வள்ளுவர்கூட உப்பைத்தான் எடுத்தார், அளவோடு இருக்கும் வரைதான் சுவை, கொஞ்சம் மிஞ்சினால் கெட்டது என்றார். காமத்துப்பால் அவர் சொன்னபோது புரிந்தது, சாம்பாரில் நான் சொன்னால் பத்தியமா?

சொல்லிவிட்டுப் போகிறவள் இல்லை நான். போன தையில் என் அக்காள் பேத்தி கல்யாணம் திருப்பத்தூரில் நடந்தது. முகூர்த்தச் சாப்பாடு 600 இலை. சமையல்காரர் மளிகை லிஸ்ட் கொடுத்திருந்தார். எல்லாரும் முந்திரி எத்தனை கிலோ, நெய் எத்தனை கிலோ என்று பார்த்தார்கள். நான் கீழே கடைசியில் இருந்த வரியைப் பார்த்தேன்: கல் உப்பு 5 கிலோ, தூள் உப்பு 1 கிலோ. மொத்தம் 6,000 கிராம், 600 இலை. இலைக்கு 10 கிராம். மிஞ்சுகிற குழம்பு, இலை ஓரத்தில் வைப்பது எல்லாம் கழித்தால் நான் மேலே போட்ட எட்டரை கிராம் கணக்கோடு அது அப்படியே ஒத்துப்போகிறது.

சமையல்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, சாம்பார், வத்தக்குழம்பு, ரசம் மூன்றிலும் மட்டும் கால் பங்கு குறையுங்கள் என்றேன். "டீச்சரம்மா, உப்பு கம்மின்னு ஒருத்தர் சொன்னாக்கூட என் பேர் போயிடும்" என்றார். நியாயமான பயம். அவர் பிழைப்பே வாய்ச்சொல்லில் இருக்கிறது. அதற்கு வழி செய்தோம். இலை ஓர உப்பு தவறாமல் வைக்க வேண்டும். நான்கு பேருக்கு ஒரு சின்னக் கிண்ணத்தில் தூள் உப்பும் வைக்க வேண்டும். ஊறுகாய் வழக்கம்போல இருக்கட்டும், வேண்டுகிறவர் தொட்டுக்கொள்வார். முக்கியமாக, "இன்னைக்கு உப்பு கம்மி" என்று யாரும் வாயைத் திறக்கக் கூடாது. சொல்லிவிட்டால் சரியாக இருப்பதும் சப்பென்றுதான் இருக்கும்.

ஒன்றில் சிக்கல் வந்தது. ரசத்தில் உப்பை மட்டும் குறைத்ததும் புளிப்பு தனியாகத் தூக்கிக் காட்டியது. சமையல்காரரே ருசி பார்த்துவிட்டு முகம் சுளித்தார். உப்பும் புளியும் ஜோடி, ஒன்றைக் குறைத்தால் மற்றதையும் குறைக்க வேண்டும். கரைத்த புளியில் ஒரு பங்கை நிறுத்திவிட்டு, தட்டிய மிளகு, சீரகம் கொஞ்சம் கூட்டி, கொத்தமல்லியை இறக்கும்போது போட்டார். சரியாகிவிட்டது. சாம்பாரில் பருப்பைக் கெட்டியாக விட்டார், அதிலேயே ருசி நின்றது. புலாவில் நான் கை வைக்கவில்லை. அது சோறோடு சேர்ந்து வெந்துவிடுகிற பண்டம், பிறகு மேலே தூவினால் ஏறாது. அதில் குறைத்தால் நிச்சயம் புகார் வரும் என்றார் அவர், ஒப்புக்கொண்டேன்.

இரண்டாம் பந்தி எழுந்ததும் இலை எடுக்கிற பிள்ளைகளை நிறுத்தி ஒரு வரிசையைப் பார்த்தேன். 24 இலை. ஓரத்து உப்பு கலைந்திருந்தது 7 இலையில்தான். அதிலும் ஒரு கிள்ளுதான் போயிருந்தது. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. 1987-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்விலும் இப்படித்தான் தெரிந்தது. சமையலில் உப்பைக் குறைத்துவிட்டு, மேசையில் வேண்டிய மட்டும் தூவிக்கொள்ள விட்டார்கள். குறைந்ததில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட மக்கள் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. கையால் தூவுகிற உப்பு நாக்கில் நேராகப் படுகிறது, கொஞ்சமே போதும். 600 பேருக்கும் ஒரு கிராமுக்கு மேல் குறைந்தது, யாரும் தியாகம் செய்யவில்லை. "சாம்பார் பிரமாதம்" என்று சம்பந்தி வீட்டிலிருந்தே சொன்னார்கள். ஒரே ஒரு பெரியவர் "உப்பு சற்று கம்மியோ?" என்றார். கிண்ணத்தைத் தள்ளினேன். போட்டுக்கொண்டார், விஷயம் முடிந்தது.

உங்கள் வீட்டு விசேஷத்துக்கு இது முடியாது என்று யாராவது சொல்லுங்கள் பார்க்கலாம்.

ஆனால் எல்லா வீட்டிலும் லிஸ்ட் நம் கையில் வராது, விருந்தாளியாகப் போகிறவர் இலையில்தான் சமாளிக்க வேண்டும். நான் செய்வதைச் சொல்கிறேன். சாம்பார் ஒரே கரண்டி. அதையும் சோற்றின் நடுவில் குழி பறித்து நிரப்பச் சொல்ல மாட்டேன், ஓரமாக வாங்கிக் காயோடு பிசைந்துகொள்வேன். வத்தக்குழம்பு வேண்டாம், அது சுண்டக் காய்ச்சியது, உப்பு நெருக்கமாக இருக்கும். ரசம் அரைக் கரண்டி சோற்றுக்கு மட்டும், கையில் வாங்கிக் குடிப்பதில்லை. மோருக்குப் பதில் உப்பு போடாத கெட்டித் தயிர் கேட்பேன். பொரியல், கூட்டு, ஒரு வடை உண்டு. வாழைப்பழம் உண்டு. பாயசத்தில் உப்பு இல்லை என்றாலும் சர்க்கரை நோயும் சேர்ந்து இருப்பவர்கள் என் பேச்சைக் கேட்டு இரண்டு டம்ளர் குடித்துவிடாதீர்கள். இப்படிச் சாப்பிட்டால் இரண்டே முக்கால் கிராம் பக்கம் வரும். வயிறும் நிறையும், மரியாதையும் குறையாது. பரிமாறுகிற பிள்ளைகள் கேட்காமலே ஊற்றுவார்கள். கையை இலைமேல் குறுக்கே நீட்டுங்கள், வாயால் சொல்வது அந்தச் சத்தத்தில் கேட்காது.

"ஒரு நாள்தானே சித்தி" என்று இன்னொரு வாதம் வரும். தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் உங்கள் வீட்டுக் காலண்டரில் மாட்டியிருக்கிற பத்திரிகைகளை எண்ணிவிட்டு அதைச் சொல்லுங்கள். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுமனை, பதினாறாம் நாள். ஓய்வு பெற்ற ஆசிரியைக்கு அழைப்பு இல்லாத வாரமே கிடையாது. இதய பலவீனமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்களுக்கு அந்த ஒரு நாளே போதும். மறுநாள் காலையில் கணுக்காலில் விரலை அழுத்தினால் குழி விழும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், இரண்டு நாளில் எடை கூடியிருக்கும். அப்படி இருந்தால் "விருந்து செரிக்கல" என்று சீரகத் தண்ணீர் குடித்துக்கொண்டு இருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.

நம் மலை விருந்தும் மாறிவிட்டது என்பதை இங்கே சொல்ல வேண்டும். நான் மேலே வந்த புதிதில் ஒரு கல்யாணம் என்றால் சோறு ஒன்று, குழம்பு ஒன்று. சாமைச் சோறு போட்ட வீடுகளிலும் சாப்பிட்டிருக்கிறேன். உப்பு மலையில் விளைவதில்லை, கீழே சந்தையிலிருந்து வர வேண்டும். ஒரே குழம்பில் உப்பு எவ்வளவு போட்டாலும் அதற்கு ஓர் எல்லை இருந்தது. இப்போது கீழேயிருந்து வேனில் சமையல் கோஷ்டி வருகிறது, இலையில் 18 வகை வைக்கிறார்கள். ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாக உப்பு. வகை கூடக் கூட நீங்கள் வயிறு நிறையச் சாப்பிடுவது மட்டுமல்ல, வெறுஞ்சோற்றின் பங்கு குறைந்து உப்புப் பண்டத்தின் பங்கு ஏறுகிறது. கடன் வாங்கிப் போடுகிற அந்தப் பதினெட்டில் ஆறைக் குறைத்தால் கடனும் குறையும், உப்பும் குறையும். இதை எழுதினால் சில பேருக்குக் கோபம் வரும், வரட்டும்.

ஹோட்டலுக்கு ஒரே ஒரு கேள்வி போதும். நீங்கள் கேட்பது உங்களுக்காக இப்போது அடுப்பில் ஏறுகிறதா, காலையிலேயே அண்டாவில் முடிந்துவிட்டதா? முடிந்துபோனதில் "உப்பு கம்மியா" என்று சர்வரிடம் சொல்வது வீண். அவர் "சரிங்க" என்று தலையாட்டிவிட்டு அதே சாம்பாரைத்தான் கொண்டுவருவார், அவரால் வேறு என்ன செய்ய முடியும்? தோசை, இட்லி மாவு நேற்றே உப்பு போட்டுக் கரைத்தது. பொங்கல் வெந்துவிட்டது. மசாலா தடவி ஊறிய மீனும் கோழியும் அப்படித்தான். ஆனால் ஆம்லெட் உங்களுக்காக உடைத்து ஊற்றுவது, உப்பில்லாமல் கேட்டால் கிடைக்கும். எலுமிச்சை ஜூஸ் கேட்டால் அவர்களே "சால்ட்டா ஸ்வீட்டா?" என்று கேட்கிறார்கள், இரண்டும் வேண்டாம் என்றும் சொல்லலாம். இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் கிடைக்கிற இடத்தில் அதைக் கேளுங்கள். இட்லி சாப்பிட்டால் சாம்பாரைத் தட்டில் ஊற்ற விடாமல் கிண்ணத்தில் வாங்கித் தொட்டுக்கொள்ளுங்கள். பாதி கிண்ணத்தில் மிஞ்சும், அந்த மிச்சம்தான் உங்கள் லாபம். கிண்ணத்தில் இட்லியை முக்கிக் கொண்டுவருகிற சாம்பார் இட்லி, சால்னாவில் ஊறிய பரோட்டா, சோயா சாஸ் ஊற்றிய ஃபிரைடு ரைஸ் மூன்றும் பி.பி.க்காரருக்கு ஆகாது.

கேன்டீன் விஷயம் என் மாணவர்களுக்கு. ஓசூரிலும் ஆம்பூரிலும் சென்னையிலும் தொழிற்சாலைகளில் இருக்கிறீர்கள். முப்பத்தைந்து வயதிலேயே "டீச்சர், எனக்கும் பி.பி. வந்துடுச்சு" என்று போன் வருகிறது. கல்யாணம் மாதத்தில் நான்கு நாள், கேன்டீன் 25 நாள். அங்கே தனி ஆளாகக் கெஞ்சாதீர்கள், கணக்குக் கேளுங்கள். 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டமே, 250 பேருக்கு மேல் வேலை செய்கிற இடத்தில் கேன்டீன் அமைக்கச் சொல்லும் விதிகளுக்கும், அதை நடத்துகிற குழுவில் தொழிலாளர் பிரதிநிதிக்கும் இடம் வைத்தது. அந்தப் பிரதிநிதி வழக்கமாகக் கேட்பது "வாரத்துக்கு எத்தனை முட்டை?". அதோடு இன்னொன்றும் கேட்கட்டும்: மாதம் எத்தனை கிலோ உப்பு வாங்குகிறீர்கள், எத்தனை சாப்பாடு போடுகிறீர்கள்?

உதாரணத்துக்கு, தினம் 300 சாப்பாடு, 25 நாள், மொத்தம் 7,500 சாப்பாடு. உப்பு 45 கிலோ வாங்கினால் சாப்பாட்டுக்கு 6 கிராம். ரசீதிலேயே இருக்கிற கணக்கு, யாரும் மறைக்க முடியாது. அதை ஒரே நாளில் 4 ஆக்கினால் கலாட்டா வரும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு என்று இறக்கினால் யாருக்கும் தெரியாது. நாக்கு சில வாரங்களில் பழகிவிடும். பிரிட்டனில் ரொட்டியில் இப்படித்தான் வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள், சாப்பிட்டவர்கள் கவனிக்கவே இல்லை. மேசையில் ஒரு உப்புக் கிண்ணம் இருக்கட்டும். உலை அருகிலோ வெயிலிலோ நாள் முழுக்க வியர்வை சிந்துகிற பிள்ளைகளின் தேவை ஏ.சி. அறையில் உட்கார்ந்திருப்பவரின் தேவை அல்ல. அந்தக் கிண்ணம் அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

இதனால் எவ்வளவு பயன் என்று கேட்பீர்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் நாளுக்கு 4 முதல் 5 கிராம் உப்பைக் குறைத்து சில வாரம் தொடர்ந்தால், மேல் எண் சராசரியாக 5 புள்ளி அளவுக்கு இறங்குகிறது. சிலருக்கு அதிகம், சிலருக்குக் குறைவு. மாத்திரையை நிறுத்துகிற அளவு அல்ல. "மக்களைத் தேடி மருத்துவம்" வழியாக வீட்டுக்கே வருகிற மாத்திரையை டப்பாவில் சேர்த்துவைத்துவிட்டு, டீச்சர் சொன்னாங்க என்று உப்பைக் குறைத்தால் மட்டும் போதும் என்று யாரும் இருந்துவிடாதீர்கள்.

என் மைத்துனரிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். சிலேட்டுப் பாடம் கேட்கிற பிள்ளை மாதிரி கேட்டார். இப்போது ரசம் கையில் வாங்குவதில்லை. ஆனால் ஆறு வருஷம் தவறவிட்ட அப்பளத்தை மறுபடி ஒன்று ஆரம்பித்திருக்கிறார். "அரை கிராம்தானே, நீங்கதானே சொன்னீங்க" என்கிறார். ஒரு கரண்டி சாம்பாரை விட்டுக்கொடுத்து ஒரு அப்பளம் வாங்கிக்கொண்டால் நான் சண்டைக்கு வரமாட்டேன். போன மாதம் அவர் எண் 148. இன்னும் இறங்க வேண்டும்.

வைகாசியில் நம் மாணவர்கள் வீட்டிலேயே மூன்று கல்யாணம் இருப்பதாகத் தெரிகிறது. மளிகை லிஸ்ட் வந்ததும் கடைசி வரியை மட்டும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், இலைக் கணக்கையும் எழுதுங்கள். சமையல்காரரிடம் நானே பேசுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் டீச்சர்